கோரைப்பல்லைப் பார்த்து ஏமாறாதீங்க... போட்டோவில் இருப்பது காட்டுப்பன்றியா, வீட்டுப்பன்றியா?

போன மாதம் ஒரு காலை. ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து இரண்டு போட்டோக்கள் வந்தன. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

``ஏங்கண்ணு, மொதப் போட்டோவுல இருக்கறது காட்டுப்பன்னி. பல்லு எப்படி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது பாரு. கடலைக்காட்ட நாசம் பண்ணிப்போட்டுது. ரெண்டாவது போட்டோ ராத்திரி எடுத்தது. அது ஊர்ப்பன்னிக் கூட்டமாட்ட இருக்குது. நீதான் பத்திரிகையில இருக்கியே, யார்கிட்டயாவது காட்டிக் கேட்டுச் சொல்லு சாமி.''

பெரியப்பாவுக்குச் சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் நிலம். கடலை பிஞ்சுவிட்டு முற்றும் நேரத்தில் இரண்டு ராத்திரிக்குள் அரை ஏக்கருக்கு மேல் கிளறிப் போட்டிருந்தன பன்றிகள்.

போட்டோவில் இருப்பது எந்தப் பன்றி என்பது அவருக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. காட்டுப்பன்றி என்றால், வனத்துறையிடம் பயிர்ச் சேத நிவாரணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வீட்டுப்பன்றி என்றால், அதற்கு ஓர் உரிமையாளர் இருப்பார். பேச வேண்டியது அவரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும்தான். இதற்கு நடுவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், ``காட்டுப்பன்னிதானுங்க, அவுட்டுக்காய் வெச்சா முடிஞ்சுது'' என்று கிளம்பியிருந்தார். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அந்த அவுட்டுக்காயைக் கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் செத்துப்போன யானைகள் மேற்கு மாவட்டங்களில் உண்டு. அதை வைப்பது குற்றம் என்பது தனிக்கதை.

இரண்டு போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வனவர் ஒருவரிடம் போனேன். காட்டிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் சிரித்துவிட்டார்.

``உங்க பெரியப்பா ரெண்டையும் மாத்திச் சொல்லியிருக்காரு. பல்லு தெரியறது வீட்டுப்பன்றி. பல்லு தெரியாத கூட்டம்தான் காட்டுப்பன்றி.''

எப்படி? அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு குழப்பம்?

முதல் காரணம், இரண்டும் ஒரே இனம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டுப்பன்றியைப் பிடித்துப் பழக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் வந்ததுதான் வீட்டுப்பன்றி. அதனால் காட்டுப்பன்றியிடம் இருக்கும் உறுப்புகள் எல்லாம் வீட்டுப்பன்றியிடமும் இருக்கும். வித்தியாசம் அளவிலும் அமைப்பிலும்தான்.

இரண்டாவது, நம் ஊர் நிலவரம். பண்ணைகளில் வளர்க்கும் வெண்பன்றியை யாரும் காட்டுப்பன்றி என்று நினைக்கப்போவதில்லை. சிக்கலே கருப்பு நாட்டுப்பன்றியில்தான். அவிழ்த்துவிட்டு வளர்ப்பதால் உடம்பில் கொழுப்பு குறைவு, முதுகில் முடியும் உண்டு, மூஞ்சியும் ஓரளவு நீளம். அந்தி நேரத்தில் வரப்பில் ஓடினால், பழகிய கண்ணே தடுமாறும்.

ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. சில அடையாளங்கள் கேஸையே முடித்துவிடும். சில வெறுமனே சந்தேகத்தை மட்டும் கிளப்பும். எல்லோரும் முதலில் பார்க்கும் கோரைப்பல், இரண்டாவது வகை.

கோரைப்பல்: எல்லோரும் ஏமாறும் இடம்

ஆண் பன்றிக்குக் கோரைப்பல் வாழ்நாள் முழுக்க வளரும். கீழ்த்தாடைப் பல் மேல்நோக்கி வளைந்து உதட்டுக்கு வெளியே வரும். மேல்தாடைப் பல்லும் கீழே இறங்காமல் வெளிப்பக்கமாகத் திரும்பி மேலே வளையும். இரண்டும் ஒன்றோடு ஒன்று உரசி, கீழ்ப்பல் கத்தி தீட்டியதுபோலக் கூர்மையாகிக்கொண்டே இருக்கும்.

இது வீட்டுப்பன்றிக்கும் பொருந்தும். பண்ணைப் பன்றியிடம் நாம் அதைப் பார்க்காததற்குக் காரணம் வயது. இறைச்சிக்கு வளர்ப்பதை ஒரு வயது ஆவதற்குள்ளேயே விற்றுவிடுவார்கள். அதற்குள் பல் வெளியே தெரியும் அளவுக்கு வளராது. காயடித்த ஆணுக்கும் பல் பெரிதாக வளராது. ஆனால், இனவிருத்திக்காகக் காயடிக்காமல் மூன்று நான்கு வருடம் வைத்திருக்கும் ஆண் நாட்டுப்பன்றிக்குக் கோரைப்பல் நன்றாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மறுபக்கம், பெண் காட்டுப்பன்றிக்குக் கோரைப்பல் சிறியது. வாயை மூடினால் வெளியே தெரியாது. வயலுக்குக் கூட்டமாக வருபவை பெரும்பாலும் பெண் பன்றிகளும் குட்டிகளும்தான். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியாகத் திரியும். அதாவது, நம் போட்டோவில் சிக்கும் காட்டுப்பன்றிக் கூட்டத்தில் பல்லே தெரியாமல் இருப்பதுதான் வழக்கம்.

ஆக, பல் தெரிந்தால் ``இது வயதுவந்த ஆண்'' என்று சொல்லலாம். காடா, வீடா என்று சொல்ல முடியாது.

மூஞ்சி: பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள்

பல்லை விட்டுவிட்டு மூஞ்சியைப் பாருங்கள். பன்றி பக்கவாட்டில் நிற்கும் போட்டோவாக இருக்க வேண்டும். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை மனதுக்குள் ஒரு கோடு இழுங்கள். போனிலேயே எடிட் போய் விரலால் கோடு போட்டாலும் சரி.

காட்டுப்பன்றிக்கு அந்தக் கோடு ஏறக்குறைய நேராக ஓடும். தலை முழுவதும் நீண்ட ஆப்பு மாதிரி, காதுப் பக்கம் அகலமாகத் தொடங்கி மூக்கு நுனியில் குறுகும். கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை உள்ள தூரம், கண்ணிலிருந்து காது வரை உள்ள தூரத்தைவிட மிக அதிகம். தலை மட்டுமே உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்.

வீட்டுப்பன்றிக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் விழும். நெற்றி நிமிர்ந்தும் மூக்குப் பகுதி சற்றே மேல்நோக்கியும் இருப்பதால், பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணத்தின் உட்பக்கம்போல வளைவு தெரியும். வெண்பன்றியிடம் இது பளிச்சென்று தெரியும். நாட்டுப்பன்றியிடம் லேசாக இருக்கும், உற்றுப் பார்க்க வேண்டும்.

காதையும் கையோடு பார்த்துவிடுங்கள். காட்டுப்பன்றியின் காது சிறியது, நிமிர்ந்து நிற்கும். நுனி மடிந்தோ, கண்மேல் தொங்கியோ இருந்தால் வீட்டுப்பன்றியின் ரத்தம்தான்.

ஓர் எச்சரிக்கை. பன்றி கேமராவை நேராகப் பார்க்கும் போட்டோவில் மூஞ்சியை வைத்து எதையும் சொல்லாதீர்கள். போன் கேமராவில் கிட்டே போய் எடுத்தால் நம் மூக்கே பெரிதாகத் தெரியுமே, அதே கதைதான்.

முடி: நிறத்தைவிடப் பிடரியைப் பாருங்கள்

இந்தியக் காட்டுப்பன்றியின் அறிவியல் பெயரில் `கிறிஸ்டாட்டஸ்' என்று ஒரு சொல் வரும். லத்தீனில் `கொண்டை உடையது' என்று பொருள். பிடரியில் தொடங்கி முதுகுத்தண்டு நெடுக ஓடும் நீண்ட கருப்பு முடி வரிசைக்காகத்தான் அந்தப் பெயர். மிரண்டாலோ, கோபம் வந்தாலோ அது சிலிர்த்து நிற்கும். அப்போது பன்றி இன்னும் உயரமாகத் தெரியும்.

நாட்டுப்பன்றிக்கும் முதுகில் முரட்டு முடி உண்டு என்றேன் அல்லவா? அது பொதுவாகக் குட்டையாக, அங்கங்கே விட்டுவிட்டு இருக்கும். தோளுக்கு மேல் ஒரு மேடுபோல எழும்பி நிற்பது குறைவு.

நிறத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. காட்டுப்பன்றி சுத்தக் கருப்பு அல்ல. கருப்பும் பழுப்பும் சாம்பலும் கலந்து, முடிநுனி வெளிறி, தூசி படிந்ததுபோல இருக்கும். நாட்டுப்பன்றி பெரும்பாலும் ஒரே சீரான கருப்பு. காலில் வெள்ளை, உடம்பில் வெள்ளைத் திட்டு, மூக்கு நுனியில் இளஞ்சிவப்பு என்று ஏதாவது இருந்தால் வீட்டுப்பன்றி பக்கம் சாய்ந்துவிடலாம்.

ஆனால், சேறு எல்லா நிறத்தையும் மறைத்துவிடும். சேற்றில் புரண்ட வெண்பன்றிகூட இருட்டில் கருப்பாகத் தெரியும். நனைந்தால் பிடரிமுடி படிந்துபோகும். வெயில் காலத்தில் முடி உதிர்ந்து காட்டுப்பன்றியே மொட்டையாகத் தெரிவதும் உண்டு. ஆகவே, பிடரிமுடி நன்றாகத் தெரிந்தால் அது வலுவான சாட்சி. தெரியாவிட்டால் `இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

உடம்பு: முன்பாதி பெரியதா, பின்பாதி பெரியதா?

``எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கக் கொடுப்பேன்னு சொன்னா, நான் உடம்பைத்தான் கேட்பேன்'' என்றார் வனவர். மங்கலான போட்டோவில்கூட நிழல் உருவம் தெரியும் என்பது அவர் கணக்கு.

காட்டுப்பன்றி முன்பாதியில் கனமானது. தோள்தான் உடம்பின் உச்சி. அங்கிருந்து முதுகு பின்னோக்கிச் சரிந்து, இடுப்பு ஒடுங்கிப்போகும். வயிறு மேலேறி இருக்கும். கால்கள் உடம்புக்கு நீளமாகத் தெரியும். எதிரில் நின்று பார்த்தால் பலகைபோல ஒடுக்கமாக இருக்கும். ஓடுவதற்கும் மண்ணைக் கிளறுவதற்குமான உடம்பு அது.

வீட்டுப்பன்றியை மனிதன் வளர்த்தது இறைச்சிக்காக. சதை விழுவது நடு உடம்பிலும் பின்தொடையிலும். எனவே முதுகு தட்டையாகவோ, நடுவில் குழிந்தோ இருக்கும். பிட்டம் தோளுக்குச் சமமான உயரத்திலோ, அதைவிட உயரமாகவோ இருக்கும். வயிறு தொங்கும்.

வாலில் ஒரு சுலபமான விதி. காட்டுப்பன்றியின் வால் நேராகத் தொங்கும், நுனியில் குஞ்சம்போல முடி இருக்கும். வால் வளையமாகச் சுருண்டிருந்தால் அது வீட்டுப்பன்றி, கேஸ் முடிந்தது. ஆனால், நேராக இருந்தால் கேஸ் முடியாது. பயந்தாலோ, உடம்புக்கு முடியாவிட்டாலோ வீட்டுப்பன்றியும் வாலைத் தொங்கவிடும்.

குட்டிகள் கூட இருந்தால் அதிர்ஷ்டம். காட்டுப்பன்றிக் குட்டியின் பழுப்பு உடம்பில், வெள்ளரிக்காய் வரிபோல நீளவாக்கில் வெளிர்கோடுகள் இருக்கும். சில மாதங்களில் அவை மறைந்துவிடும். நாட்டுப்பன்றிக் குட்டிக்கு இந்தக் கோடு பொதுவாக இருக்காது.

சரி, குளம்புத் தடம்? ``அதை வெச்சுப் பன்றின்னு சொல்லலாம். எந்தப் பன்றின்னு சொல்ல முடியாது'' என்று முடித்துவிட்டார் வனவர்.

பெரியப்பாவின் இரண்டு போட்டோக்கள்

இப்போது முதல் போட்டோவுக்கு வருவோம். காலை ஆறரை மணி, வாய்க்கால் ஓரம், பத்துப் பன்னிரண்டு அடி தூரம். நனைந்த கருப்புப் பன்றி, பக்கவாட்டில் நிற்கிறது. கோரைப்பல் இரண்டு விரற்கடை அளவுக்கு வெளியே தெரிகிறது.

பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னார் வனவர். உடனே மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கண்ணுக்குக் கீழே பள்ளம். இடது காதின் நுனி மடிந்திருக்கிறது. முதுகு தட்டை, வயிறு புல்லைத் தொடுகிறது. வால் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. பின்னங்கால் ஒன்றில் குளம்புக்கு மேல் வெள்ளை. இத்தனை சாட்சிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. காயடிக்காத ஆண் வீட்டுப்பன்றி.

இரண்டாவது, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் எடுத்தது. ஐந்து உருவங்கள், எல்லாம் மங்கல். பல் எதுவும் தெரியவில்லை. ஓரமாக நிற்பது மட்டும் பக்கவாட்டில் பதிந்திருக்கிறது. தோள் உயர்ந்து பின்னோக்கிச் சரியும் முதுகு, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை, நேராகத் தொங்கும் வால். முதுகுக் கோட்டின் மேல் டார்ச் வெளிச்சம் பட்டு முடி வரிசை ஒரு விளிம்புபோல மின்னுகிறது. பெரிதாக்கிப் பார்த்ததில், சிறிய மூன்றில் ஒன்றின் விலாவில் வெளிர்கோடு. இரண்டு தாய்களும் மூன்று குட்டிகளும் கொண்ட காட்டுப்பன்றிக் கூட்டம்.

இரண்டுமே அதே கடலைக்காட்டுக்கு வந்திருக்கின்றன. சேதத்தின் பெரும்பகுதி யாருடையது என்பதில் வனவருக்குச் சந்தேகமில்லை. ஒற்றைப் பன்றி அரை ஏக்கரைக் கிளறாது என்றார்.

போட்டோ சொல்லாத விஷயமும் உண்டு

மேய விட்ட நாட்டுப்பன்றியும் காட்டுப்பன்றியும் இணைசேரும். பிறக்கும் குட்டிகளும் இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. அப்படிக் கலந்து பிறந்ததற்கு நீண்ட மூஞ்சியும் இருக்கும், காலில் வெள்ளையும் இருக்கும். அடையாளங்கள் இப்படி இரண்டு பக்கமும் இழுத்தால், போட்டோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மரபணுப் பரிசோதனைதான் அதற்கு வழி. அதுபோல செத்து உப்பிய உடலில் வயிறும் முதுகும் மாறிப்போயிருக்கும். அங்கே மூஞ்சி, காது, முடி மட்டுமே பேசும்.

நீங்கள் போட்டோ எடுப்பதாக இருந்தால் நான்கு விஷயங்கள்:

* கிட்டே போகாதீர்கள். குட்டியோடு இருக்கும் தாயும், தப்ப வழியில்லாத ஆணும் பாயும். தூரத்திலிருந்து ஜூம் செய்யுங்கள்.
* பக்கவாட்டுப் போட்டோ ஒன்று கட்டாயம் வேண்டும். தலை முதல் வால் வரை முழுசாக விழட்டும்.
* வேலிக்கல், கம்பி என்று நகராத ஏதாவது ஒன்று ஃப்ரேமில் இருக்கட்டும். பன்றி போன பிறகு அதை அளந்தால் உயரம் தெரிந்துவிடும். பெரியப்பா அப்படி அளந்ததில் தாய்ப்பன்றியின் தோள் உயரம் சுமார் இரண்டரை அடி.
* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் `டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, முடியும் கோடும் கரைந்துவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும். ஒரிஜினலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

காட்டுப்பன்றி என்று தெரிந்துவிட்டால்?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை நாமாக வேட்டையாடினால் வழக்குப் பாயும். பயிர்ச்சேதம் அதிகமானதால் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பிடிக்கவோ, சுடவோ அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கி.மீ.-க்கு அப்பால் சுடலாம். ஆனால், பிடிப்பதும் சுடுவதும் வனத்துறையினரின் வேலை, விவசாயியின் வேலை அல்ல. பெரியப்பாவின் காடு எல்லையிலிருந்து 1 கி.மீ.-க்குள் வருகிறது. எனவே அவருக்கு இருக்கும் வழி வேலியும் காவலும் நிவாரண விண்ணப்பமும்தான்.

அன்று சாயங்காலமே பெரியப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ``அப்படின்னா அந்தப் பல்லுப் பன்னிக்கு ஆள் இருக்குதுங்கற?'' என்றார்.

இருந்தார். ஊருக்கு வெளியே பன்றி வளர்க்கும் ஒருவர், இனவிருத்திக்கு வைத்திருந்த ஆண் பன்றி நான்கு நாளாகக் காணவில்லை என்று வாய்க்கால் வாய்க்காலாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பெரியப்பா போட்டோவைக் காட்டியதும், ``பின்னங்கால் வெள்ளை, இது நம்முளுதுதானுங்க'' என்று அடையாளம் சொல்லிவிட்டார். அடுத்த நாள் கயிறோடு வந்து பிடித்துக்கொண்டு போனவர், கிளறிய இரண்டு பாத்திக்கு ஈடாக இரண்டு நாள் வரப்பு வேலை செய்துகொடுத்தார். அவுட்டுக்காய் வைக்கக் கிளம்பிய பக்கத்துத் தோட்டத்துக்காரர், அந்தப் பேச்சையே அதற்குப் பிறகு எடுக்கவில்லையாம்.

இரண்டாவது போட்டோவோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார் பெரியப்பா. வயலை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை முடிக்கும்போது போன் அதிர்ந்தது. பெரியப்பாதான். இந்த முறை டாக்குமென்ட் ஆகவே அனுப்பியிருக்கிறார்.

``கண்ணு, இது நாயா, நரியா? பக்கவாட்டுல எடுத்திருக்கறேன், பாத்துச் சொல்லு.''